செங்குன்றம் பக்கம் 3 ஏக்கர் மழைப்புல்: எத்தனை உருப்படி தாங்கும்?

மாதவரத்துக்காரன்: செங்குன்றம் தாண்டி அப்பாவுக்கு 3 ஏக்கர் தரிசு இருக்கிறது. பாசன வசதி கிடையாது. 20 ஆடா, 4 மாடா என்று வீட்டில் தினமும் பேச்சு. யாராவது அளந்து பார்த்ததுண்டா?

கொடியாடு: ஏக்கருக்கு 10 ஆடு தாராளம் அண்ணா. எங்களிடம் அப்படித்தான் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்: தம்பி, நீங்கள் போர் போட்டு கோ-4 தீவனப்புல் அறுத்துப் போடுகிறீர்கள். மழைப்புல்லுக்கு அது பொருந்தாது. சோழவரம் பக்கம் இதே மாதிரி 3 ஏக்கரை மார்கழியில் பார்த்தோம். ஒரு மீட்டர் சதுர மூங்கில் சட்டத்தை, முதுகைத் திருப்பிக்கொண்டு பத்து இடத்தில் எறிந்தோம். பார்த்து வைத்தால் கை பசுமையான இடத்துக்கே போகும். சட்டத்துக்குள் இருந்ததை இரண்டு விரல்கடை அடிக்கட்டை விட்டு அறுத்தோம். பார்த்தீனியத்தையும் எருக்கையும் ஒதுக்கிவிட்டு அருகும் கொழுக்கட்டைப்புல்லும் மட்டும் எடை போட்டோம். எடை இனிக் குறையாது என்கிற வரை வெயிலில் காய வைத்ததில் சராசரி 100 கிராம் நின்றது.

ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ, 3 ஏக்கருக்கு 1200. அதில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மீதி மிதிபடும், சாணி படும், வேர் மறுபடி துளிர்க்கவும் கொஞ்சம் வேண்டும். ஆக 600 கிலோ. 250 கிலோ நாட்டுமாடு ஒன்று நாளைக்கு 6 கிலோ காய்ந்த தீவனம் தின்றால் 100 நாள் வரும். 25 கிலோ ஆட்டுக்கு 800 கிராம் வைத்தால், தை முதல் ஆனி வரை நாலு ஆடு.

கொடியாடு: நாலா! ஆடு தழை தின்கிற ஜீவன் சார். புல்லை மட்டும் நிறுத்தால் எப்படி?

ஆய்வாளர்: அது நியாயம். வேலியில் கிளுவை, சுபாபுல் இருந்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் வேலிக்காத்தானைப் பார்த்து ஏமாற வேண்டாம். காயைத் தின்னும், இலையைப் பெரும்பாலும் தொடாது. தழையை அளக்க இவ்வளவு எளிதான வழி என்னிடம் இல்லை. கிளை ஒடித்து எடை போட்டுத் தோராயமாகத்தான் சொல்வேன்.

திருநின்றவூர் அக்கா: கொட்டகையில் ஆட்டுக்கு 10 சதுர அடி போதுமா?

கொடியாடு: அது வேற கணக்கு அக்கா, இங்கே மேய்ச்சலைப் பற்றிப் பேச்சு.

மாதவரத்துக்காரன்: சார், ஐப்பசி மழைக்கு அப்புறம் திரும்பத் துளிர்க்குமே, அப்போது கூடுதலாக விடலாமா?

ஆய்வாளர்: அந்த மூன்று மாதம் கூடுதலாக விடலாம், தை பிறந்ததும் விற்றுக் குறைக்கத் தயாராக இருந்தால். வருஷத்துக்கு ஒரே எண்ணிக்கை வைக்க நினைத்தால் கோடைதான் அளவு. அருகு தரையோடு ஒட்டிப்போய், எருக்கு மட்டும் நிமிர்ந்து நின்றால் ஏற்கெனவே அதிகம் விட்டாயிற்று. உங்கள் நிலம் 100 கிராம் தருமா, 60 தருமா என்பதை அறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

மாதவரத்துக்காரன்: மார்கழியில் அறுக்கிறேன் சார். 4 மாடு என்றவர் பெரியப்பா, அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.