புதுப்பிப்பு: மீன் விலைச் செயலியில் புகார்ப் பெட்டி

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: "மின்னஞ்சல் பொத்தான் வைத்தும் புகார் வரவில்லை, ஒரு நட்சத்திர ரிவ்யூதான் வருகிறது. ஏன்?"

காரணம் கிடைத்தது. அக்கா ஒருவர் சொன்னபடி குளச்சலில் நான்கு போன்களில் அழுத்திப் பார்த்தேன். இரண்டில் மின்னஞ்சல் செயலியே முடக்கப்பட்டிருந்ததால் எதுவும் திறக்கவில்லை. பாவம், வேறெங்கே சொல்வார்கள்?

இப்போது செயலிக்குள்ளேயே எழுதலாம். பதிப்பு எண்ணும் போன் மாடலும் தானாகச் சேரும். கடலில் சிக்னல் இல்லையென்றால் போனிலேயே காத்திருந்து, கரை வந்ததும் போகும்.

"பிடிச்சிருக்கான்னு கேட்டு, ஆமான்னா மட்டும் ரேட்டிங் கேளுங்க" என்ற தம்பிக்கு: ரேட்டிங் பெட்டிக்கு முன் அப்படிக் கேட்கக் கூடாது என்பது கூகுள் பிளே வழிகாட்டுதல். ரப்பர் விலையும் கேட்ட குலசேகரம் அண்ணாச்சிக்கு: அது இதில் வராது.

பதில் அனுப்பப் போன் எண் கேட்கலாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.