டெட்லாக் ஸ்லைடும் நாற்சந்திப் படமும்: உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

கவிதா, ஈசூன்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் டுட்டோரியல் எடுக்கிறேன். ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து எல்லாமே நின்றுபோகும் டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகள் ஒரு ஸ்லைடிலும், நாற்சந்தியில் நான்கு கார்கள் மாட்டிக்கொண்ட படம் அடுத்த ஸ்லைடிலும் இருக்கும். முன்வரிசைப் பையன் ஒருவன், "மிஸ், காரெல்லாம் ராங் சைடுல போகுதே" என்றான். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வரைந்த படம் அது. சிங்கப்பூர்ச் சாலைக்கு ஏற்றபடி பலகையில் திரும்ப வரைந்தேன்.

சந்தியின் நடுப்பகுதியை நான்கு சதுரமாக்கி, தென்மேற்கு 1, வடமேற்கு 2, வடகிழக்கு 3, தென்கிழக்கு 4 என்று எண் போட்டேன். இடப்பக்கம் ஓட்டினால், வடக்கே போகும் கார் 1-ல் நுழைந்து 2 வழியாக வெளியேறும். கிழக்கே போவதற்கு 2, 3. தெற்கே 3, 4. மேற்கே போவதற்கு 4, அப்புறம் 1. நான்கும் ஒரே நேரத்தில் நுழைந்தால் முடிந்தது கதை. ஒரு சதுரத்தில் ஒரு கார்தான் நிற்கலாம், அது மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன். பிடித்த சதுரத்தை விடாமலே அடுத்ததைக் கேட்கிறது, அது ஹோல்ட் அண்ட் வெயிட். பிடித்ததைப் பிடுங்கவும் ஆளில்லை, அது நோ ப்ரீஎம்ப்ஷன். காத்திருப்பு சுற்றிச் சுற்றி 1-க்கே வந்து சேர்கிறது, அது சர்குலர் வெயிட். நான்கு நிபந்தனைகளையும் படத்திலேயே விரல் வைத்துக் காட்டினேன். பிறகு, "இதில் ஒன்றை எடுத்தால் போதும், எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். அங்கேதான் எல்லாரும் தடுமாறினார்கள்.

தேவா, பூன் லே

எங்கள் வகுப்பில் நான் சொன்ன பதில் சிக்னல். சிக்னல் வைத்தால் மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன் போய்விடும், டெட்லாக்கும் போய்விடும். லெக்சரர் தலையாட்டினார்.

பாஸ்கரன், கிளமெண்டி

தம்பி, டெட்லாக் போகும் என்பது பாதி சரி. சிக்னல் இருந்தாலும் ஒரு சதுரத்தில் ஒரு கார்தானே நிற்கிறது? மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன் அப்படியேதான் இருக்கிறது. அதை எடுக்க மேம்பாலம் கட்ட வேண்டும். பச்சை விழுந்தும் எதிர்ப்பக்கம் நெரிசலாக இருந்தால் கார் நடுவிலேயே மாட்டும், அடுத்த பச்சையில் குறுக்கே வருபவரும் மாட்டுவார். நம் சந்திகளில் மஞ்சள் கட்டம் போட்டிருப்பது இதற்குத்தான். வெளியேற இடமிருந்தால் மட்டும் உள்ளே போ என்கிறது அந்த விதி. அதாவது வேண்டியது எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும்வரை ஒன்றையும் பிடிக்காதே. அது உடைப்பது ஹோல்ட் அண்ட் வெயிட்டை.

ராணி, தெம்பனிஸ்

தீவு விரைவுச்சாலையில் காலையில் வேலைக்குப் போகும்போது நான் தினமும் அனுபவிப்பது இந்த டெட்லாக்தான். சந்தி வேறு எதற்கு?

பாஸ்கரன், கிளமெண்டி

அது நெரிசல், ராணி அக்கா. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நீங்களும் நகர்வீர்கள். டெட்லாக்கில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நகராது. கணினியிலும் இப்படித்தான் பிரித்தறிவேன். புரோகிராம் வெறும் மெதுவாக ஓடினால் ஏதோ ஒரு த்ரெட்டாவது முன்னேறிக்கொண்டிருக்கும். லாக்குக்காகத் தூங்கும் த்ரெட்கள் மாட்டிக்கொண்டால், அவை சிபியூவைத் தொடவே தொடாது, பதிலும் வராது. ஜாவாவாக இருந்தால் `jstack` போட்டுப் பார்ப்பேன், `Found one Java-level deadlock` என்று அதுவே சொல்லிவிடும்.

கவிதா, உங்கள் எண்கள் அருமையான வேலை செய்கின்றன. சிறிய எண்ணைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். மூன்று கார்களுக்கு எதுவும் மாறாது. மேற்கே போகும் கார் மட்டும் 4-க்கு முன் 1-ஐப் பிடிக்க வேண்டும். 1 வடக்கே போகும் காரிடம் இருப்பதால் இது கோட்டிலேயே வெறுங்கையோடு நிற்கும். 4 காலியாக இருக்கும், தெற்கே போகும் கார் அதில் ஏறி வெளியேறும். 3 கிழக்கே போகும் காருக்கு, 2 வடக்கே போகும் காருக்கு, கடைசியில் 1 இதற்கு. சர்குலர் வெயிட் உருவாகவே வழியில்லை. நாங்கள் சர்வர் கோடில் எழுதும் லாக் ஆர்டரிங் இதேதான். ஆனால் படத்தின் எல்லையும் இங்கேதான். நிஜக் கார் 4-ஐத் தொடாமல் 1-ஐப் பிடிக்க முடியாது. புரோகிராமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தேவா, பூன் லே

நன்றி அண்ணே. என் புராஜெக்ட்டில் மைஎஸ்க்யூஎல் `1213` டெட்லாக் பிழை வந்தது. இரண்டு டிரான்சாக்ஷன் ஒரே இரண்டு வரிசைகளை எதிரெதிர் முறையில் அப்டேட் செய்தன. ஒன்றை அதுவே ரோல்பேக் செய்துவிட்டது. அது நோ ப்ரீஎம்ப்ஷனை உடைப்பதா?

பாஸ்கரன், கிளமெண்டி

ஆமாம், ஒரு காரை இழுத்துப் போட்டு வழி விடுவது. நடந்தபின் கண்டுபிடித்துச் செய்வது, முன்கூட்டித் தடுப்பது அல்ல. அந்த டிரான்சாக்ஷனை மறுபடி ஓட்டுவது உன் கோடின் வேலை.

கவிதா, ஈசூன்

ஒழுங்காக ஓடும் சிக்னலே சர்குலர் வெயிட்டை உடைக்கிறது என்று நான் நினைக்கிறேன். குறுக்குத் திசை இரண்டும் ஒன்றாக உள்ளே வந்தால்தானே வட்டம் முடியும்?

பாஸ்கரன், கிளமெண்டி

ஒரு சந்திக்குச் சரி. பக்கத்துப் பக்கத்து நான்கு சந்திகளின் வரிசைகள் ஒன்றின் வாயை ஒன்று அடைத்தால், எல்லாச் சிக்னலும் ஒழுங்காக ஓடினாலும் வட்டம் முடிந்துவிடும். அதனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.