சிடி பிளேயர் "NO DISC" காட்டுது, லென்ஸ் துடைச்சும் சரியாகல

மதுரையில வீட்டுல இருக்கிற, 2006-ல வாங்கின ஒரு டிஸ்க் போடுற சிடி பிளேயர். மூணு மாசமா பாட்டு தாவுது. இப்போ டிஸ்க் ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு "NO DISC"னு நின்னுடுது.

டிஸ்க்ல கோளாறு இல்ல. அதே சிடி தம்பி கார்ல சுத்தமா பாடுது. இருந்தாலும் மெல்லிய துணியால நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டுல துடைச்சேன். வட்டமா துடைச்சா கீறல் பாட்டுத் தடத்தோடயே ஓடும், அது இன்னும் மோசம்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டினேன். லென்ஸ் மேல புகை படிஞ்ச மாதிரி ஒரு படலம். பக்கத்துலதான் பூஜை அலமாரி, சாம்பிராணி வேலையா இருக்கும்! 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சுக்குச்சியை லேசா நனைச்சு, அழுத்தாம துடைச்சேன். ரெண்டு நாள் அருமையா பாடிச்சு.

இப்போ கடையில வாங்கின ஒரிஜினல் சிடி மட்டும் முதல்லேர்ந்து கடைசிவரை ஓடுது. கம்ப்யூட்டர்ல எழுதின சிடி எதைப் போட்டாலும் "NO DISC". எழுதின சிடி ஒளியைக் குறைவாத்தான் திருப்பி அனுப்பும், அதனால லேசர் மேல சந்தேகம். பவர் திருகைத் தொடல, கூட்டினா லேசர் சீக்கிரம் போயிடும்.

லேசர் பிக்கப்பையே மாத்தணுமா, இல்ல லென்ஸுக்குக் கீழ இருக்கிற கண்ணாடியில தூசு படிஞ்சாலும் இப்படி ஆகுமா?