24 நிகழ்வுகள், 14 மாறிகள்: எதை வைப்பது?

அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று வருமா என்று கணிக்க லாஜிஸ்டிக் ரிக்ரஷன் செய்கிறேன். நோயாளிகள் 180 பேர் இருந்தாலும் தொற்று வந்தது 24 பேருக்குத்தான். மாறிகளோ 14. ஒரு மாறிக்கு இரண்டு நிகழ்வுகூட இல்லை.

ஆர் மென்பொருளில் `glm` வைத்துப் பொருத்தினால் ஏயூசி 0.91. பூட்ஸ்ட்ராப்பில் திருத்தினால் 0.66-க்கு இறங்குகிறது. சர்க்கரை நோயின் ஆட்ஸ் விகிதம் 19. அதன் 95% இடைவெளி 1.3 முதல் 280 வரை! ஸ்டெப்வைஸ், அப்புறம் லாசோ என்று இரண்டையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு மறுமாதிரியிலும் வேறு வேறு மாறிகள் தேர்வாகின்றன, அதனால் அந்தத் தேர்வை நம்ப முடியவில்லை. புதிதாகத் தரவு சேர்க்கவும் வழியில்லை.

விளைவைப் பார்க்காமல், மருத்துவ அறிவை வைத்தே வயது, சர்க்கரை நோய், அறுவை நேரம் ஆகிய மூன்றை மட்டும் எடுப்பதா, 14-ஐயும் வைத்து ரிட்ஜில் சுருக்குவதா: புதிய நோயாளிகளிடம் எது நிலைக்கும்?