பத்தியக்காலமும் பாலும்: உங்கள் வீடுகளில் என்ன நடந்தது?

மானிப்பாய்த் தாய்

மகள் பிறந்து 38ஆம் நாள், இரவு இரண்டு மணி. பால் கொடுத்து முடித்ததும் கை நடுங்கத் தொடங்கியது. குசினிக்குள் போய், மூடி வைத்திருந்த மிச்சப் புட்டை இருட்டில் நின்றபடி அள்ளிச் சாப்பிட்டேன். மாமி விளக்கைப் போட்டார். அவர் ஏசவில்லை. "தேங்காய்ப்பூப் போட்டது பிள்ளை, குழந்தைக்கு வயிறு ஊதும்" என்று சொல்லித் தட்டை மெதுவாக வாங்கினார். நானும் விட்டுவிட்டேன். அந்தத் தட்டை விட்டதுதான் இன்றும் மனதைக் குடைகிறது.

என் பத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் இடித்த காயச் சரக்கும் நல்லெண்ணெயும், வறுத்த பாண் மூன்று துண்டு. மதியம் ஒன்றரைக் கோப்பைச் சோறும் சரக்குக் கறியில் ஒரு துண்டு மீனும். மாலையில் மல்லிக் கோப்பியோடு நான்கு பிஸ்கட். இரவு ஐந்து இடியப்பம், தேங்காய்ப்பால் விடாத சொதி. தண்ணீரும் அளந்துதான். இரண்டு வாரத்தில் மகள் மாலை நேரங்களில் வீறிட்டு அழத் தொடங்கினாள். பால் காணாது என்று முடிவெடுத்து, பின்னேரத்திலிருந்து மூன்று தடவை பால்மா கொடுத்தோம். அதன் பிறகு உண்மையாகவே பால் குறைந்தது.

தங்கைக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். அதே வீடு, அதே அறை. உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

குருநகர்க் கடலோரம்

எங்கள் வீட்டில் பால்சுறா இல்லாமல் பிள்ளைப்பேறு இல்லை. மனைவிக்கு முதல் இரண்டு நாளும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அம்மா மூன்றாம் நாள் காலையில் கரைக்குப் போய், துடித்துக்கொண்டிருந்த குட்டிச் சுறா ஒன்றை வாங்கி வந்து, உள்ளியும் மிளகும் போட்டு வறை வைத்தார். அன்று இரவே சட்டை நனையும் அளவுக்குப் பால். கண்ணால் கண்டது இது. ஆங்கிலத்திலும் அந்த மீனுக்குப் பால்சுறா என்றுதான் பெயர், நம் பக்கத்து நம்பிக்கையிலிருந்து போன பெயர் அது. மானிப்பாய்த் தங்கச்சிக்கு ஒருவரும் சுறா கொடுக்கவில்லையா?

வவுனியா அப்பா

எந்தப் பால்மா நல்லது என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மனைவிக்குத் தாய்மாருக்கென்றே விற்கும் மா வாங்கினேன். மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு அதற்கே போனது. அவள் ஒரு பேணியைக் கூட முடிக்கவில்லை, மணம் பிடிக்கவில்லை என்றாள். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷாச் சத்துமாவை மூத்தவனும் நானும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அது அவளுக்குரியது என்று அப்போது யோசிக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர், சாவகச்சேரி

மானிப்பாய் மகள், இரண்டு விபரம் வேண்டும். பால்மா தொடங்கிய அன்று குழந்தையின் நிறை என்ன? உங்கள் நிறை எப்படி இறங்கியது?

குருநகர்த் தம்பி, நீங்கள் கண்டது உண்மை. ஆனால் சுறா தின்னாத வீட்டிலும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் பால் நிறைந்து வரும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பாலைத் தடுத்து வைத்திருந்த ஹோர்மோன் இறங்கி, சுரப்பு பெருக அவ்வளவு நேரம் எடுக்கிறது. முதல் இரண்டு நாள் வரும் சொட்டுகள் சீம்பால். அவ்வளவே அந்தச் சிறு வயிற்றுக்குப் போதும். உங்கள் அம்மா சரியான நாளில் சமைத்திருக்கிறார். குட்டிச் சுறா நல்ல புரதம், தாராளமாகக் கொடுங்கள். பெரிய சுறாவை மட்டும் தவிருங்கள், வயதான சுறாவின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

மானிப்பாய்த் தாய்

பதிவேட்டைப் பார்த்தேன். பிறந்தபோது 2.8 கிலோ, 14ஆம் நாள் 2.95. பால்மா தொடங்கியது 15ஆம் நாள். நான் 14ஆம் நாள் 53 கிலோ, 40ஆம் நாள் 49.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர், சாவகச்சேரி

அப்படியானால் அன்று உங்களிடம் பால் போதுமானதாக இருந்திருக்கிறது. குழந்தைகள் முதலில் சற்று இளைத்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறையைத் திரும்பப் பிடித்தால் போதும். உங்கள் மகள் 150 கிராம் தாண்டி நின்றிருக்கிறாள். மாலை அழுகை அந்த வயதில் பல குழந்தைகளுக்கு வரும், அதை வைத்துப் பாலை அளக்க முடியாது. நிறையையும், ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் துணி நனைகிறதா என்பதையும் பாருங்கள். மூன்று தடவை பால்மா கொடுத்தபோது அந்த மூன்று தடவையும் மார்பில் பால் தேங்கி நின்றது. தேங்கினால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பாலைக் குறைத்தது பத்தியம் அல்ல, அந்தப் போத்தல்.

பத்தியம் குறைத்தது உங்களை. நீங்கள் எழுதிய ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், ஏறக்குறைய 1,300 கலோரி. உங்கள் உடலுக்கு வீட்டு வேலையோடு 2,000 அளவு வேண்டும், பாலுக்காக மேலும் 500. ஒரு நாளில் ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் பால் போகிறது, அதிலேயே 500 கலோரி இருக்கிறது. ஆக நாள்தோறும் 1,200 குறைவு. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் நிறையே சாட்சி: 26 நாளில் நான்கு கிலோ. முதல் இரண்டு வாரத்தில் இறங்குவதில் நீரும் கருப்பை சுருங்குவதும் சேர்ந்திருக்கும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதன் பிறகு மாதம் இரண்டு கிலோ வரை இறங்கலாம். நீங்கள் அதன் இரட்டிப்பு. அந்த இரவு கை நடுங்கியதில் வியப்பில்லை.

தங்கைக்கு 500 என்றால் பயப்பட வேண்டாம். ஒரு முட்டை, ஒரு கை கச்சான், ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை பால். இவ்வளவும் சேர்ந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் முதலில் அந்த 2,000 தட்டில் இருக்க வேண்டும். சொதியில் தேங்காய்ப்பால் விடுங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். கூடுதலாகக் குடித்தால் பால் பெருகாது, தடுத்தால் மலச்சிக்கலும் தலையிடியும்தான் மிச்சம்.

கொடிகாமம் அம்மம்மா

பெரியவர்களைக் குற்றவாளியாக்குவது எளிது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் நான் நின்றேன், கையில் 20 நாள் பிள்ளை. கால் வைக்க இடமில்லாத சனம், மேலே மழை. பிள்ளை அழுதபோது குடையின் கீழ் நின்றபடியே கொடுத்தேன். பால் வந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மூலையில் மூன்று மாதம், கஞ்சியும் கிடைத்தால் பருப்பும். அப்போதும் பால் வந்தது. கலோரி எண்ணி எவரும் பிள்ளை வளர்க்கவில்லை. பத்தியத்தில் சரக்கும் உள்ளியும் மீனும் உண்டு, அதைப் பட்டினி என்று பேசாதீர்கள்.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர், சாவகச்சேரி

அம்மா, அந்த நாட்களில் நானும் அந்த முகாம்களில் நடந்தவள். நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். சாப்பாடு குறைந்தாலும் பால் எளிதில் நிற்காது, உடல் தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு உங்கள் உடம்பு எப்படி இருந்தது?

ஒன்றில் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சில விற்றமின்கள் தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். தீட்டிய வெள்ளைச் சோறும் உப்பும்தான் பத்தியம் என்று இருக்கும் தென்கிழக்காசிய ஊர்களில், நன்றாகக் குடித்து வளர்ந்த குழந்தைகள் இரண்டு மூன்று மாதத்தில் குரல் கம்மி, மூச்சு வாங்கி, இதயம் களைத்து இறந்திருக்கிறார்கள். தாய்ப்பாலில் பி1 விற்றமின் இல்லாததே காரணம். நம் புழுங்கலரிசி அந்தச் சத்தை ஓரளவு காத்துக்கொள்கிறது. ஆகவே பத்தியத்தில் அரிசியை மாற்றாதீர்கள், அதோடு பயறோ உழுந்தோ சேருங்கள்.

கொடிகாமம் அம்மம்மா

முடி கைப்பிடியாகக் கொட்டியது. படியேற முடியாமல் இருந்தேன். அது இடப்பெயர்வின் களைப்பு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நல்லூர் ஆசிரியை

தாய் சாப்பிடுவது பாலுக்குப் போகாது என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிட வேண்டாம். என் மகனின் மலத்தில் இரத்தக் கோடு வந்தது, ஏழாவது வாரம். வைத்தியர் என்னைப் பசுப்பாலும் தயிரும் நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் கோடு மறைந்தது. ஒரு நாள் மறந்து பால்கோப்பி குடித்தேன், மீண்டும் வந்தது. அந்த வெள்ளைத் துணியில் நூல் போல நின்ற சிவப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது. மேலே ஒரு கோப்பை பால் என்று எழுதியிருப்பது எல்லோருக்கும் பொருந்தாது.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர், சாவகச்சேரி

சரியாகச் சொன்னீர்கள். இரத்தம் கண்டால் வைத்தியரிடம் போக வேண்டும், பசுப்பாலை நிறுத்துவதும் அவர் சொன்ன பிறகு. ஆனால் அறிகுறி ஒன்றும் இல்லாத தாயிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் பறிப்பது வேறு.

கோண்டாவில் சகோதரி

என் கதை சிறியது. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், வயிறு இளகியது, வியர்வையே வெந்தயமாக மணத்தது, பால் கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் தங்கைக்கு இதைச் சொல்லுங்கள். பச்சைப் பப்பாசிக் கறி வாரம் இரு முறை. முருங்கையிலை வறை நாள்தோறும், உருவியதும் உடனே வதக்க வேண்டும், தண்ணீரில் ஊறவிடக் கூடாது. உள்ளி ஒரு முழுப் பூண்டைச் சுட்டு உரித்துச் சோற்றோடு. உள்ளி மணம் பாலில் ஏறும் என்பது உண்மை, ஆனால் அதற்காகக் குழந்தை வெறுப்பதில்லை, என் மகன் கூடுதல் நேரம் சப்பினான். எள்ளுருண்டை பனங்கட்டியில் பிடித்துக் கட்டிலருகே பேணியில் வைத்தால் இரவு குசினிக்குப் போகத் தேவையில்லை. கத்தரிக்காயும் இறாலும் கரப்பன் என்று என் மாமியார் தடுத்தார், நானும் தொடவில்லை, மகனுக்கு அப்படியும் கரப்பன் வந்தது. இறால் ஒத்துக்கொள்ளாத குடும்பமென்றால் கவனம், மற்றவர்கள் ஏன் விடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வெந்தயத்தைக் கூட்டக் கூடாது.

குருநகர்க் கடலோரம்

சுறாவை நான் விடமாட்டேன். ஆனால் அம்மாவிடம் மூன்றாம் நாள் கணக்கைச் சொன்னேன். "அப்ப ஏன் எனக்கு நாலாம் நாள் வந்தது?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர், சாவகச்சேரி

முதற்பிள்ளையா, சத்திரசிகிச்சையா என்று கேளுங்கள். இரண்டிலும் ஒரு நாள் பிந்தலாம்.

மானிப்பாய்த் தாய்

மேலே உள்ளதையெல்லாம் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். நிறைக் கணக்கு வந்த இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு 53ஐயும் 49ஐயும் அவரே கழித்துப் பார்த்தார். தேங்காய்ப்பூ வயிறு ஊதச் செய்யும் என்பதை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் இப்போது எட்டு மாதம். அன்று போத்தலை மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட்டு, பத்து நாளில் நிறுத்தினேன், பால் திரும்பியது. தங்கைக்காக எள்ளு இடிக்க மாமி நேற்று உரலைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார்.