‘சகலை’யை ரெண்டு வரியில் எப்படிச் சொல்வது?

காட்டேரிக்காரன்:
ஃபேக்டரியில் என்னோடு ஷிஃப்ட் பார்ப்பவர் பீகார்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ளக் கேட்டு, “பிரதர்-இன்-லா பையனுக்குப் பண்ணாரியில் காதுகுத்து” என்று வாட்ஸப் போட்டேன். “அப்போ உங்க மடியிலதான் உட்கார வைப்பாங்களா?” என்று கேட்டார். “இல்லை, அது இன்னொரு பிரதர்-இன்-லா மடியில்” என்றேன். மனிதர் குழம்பிப்போனார். சகலை என்பதைச் சுருக்கமாக எப்படிச் சொல்வீர்கள்?

கூடலூர் கலா:
அதை ஏன் சொல்ல வேண்டும்? அவருக்குத் தேவை, ஞாயிறு நீங்கள் வரமாட்டீர்கள் என்பது. “சொந்தக்காரர் வீட்டு விசேஷம்” போதும். எங்கள் வீட்டில் சகலப்பாடி என்போம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரரிடம் வம்சாவளி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எல்லநள்ளி பாலா:
சொன்னாலும் புரியாது. இந்த உறவுக்குத் தனிப்பெயர் தமிழில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற மொழிக்காரர்களுக்கு எல்லாருமே பிரதர்-இன்-லாதான். “மனைவியின் சகோதரியின் கணவர்” என்று நீட்டி எழுதுங்கள், வேறு வழியில்லை.

அரவேணு அம்மா:
பாலா தம்பி, ஆங்கிலத்தில் இல்லை என்பது சரி. ஆனால் தமிழில் மட்டும்தான் என்பது சரியில்லை. தெலுங்கில் தோடல்லுடு, கன்னடத்தில் ஷட்டகா. நம் ஊரிலேயே சில வீடுகளில் ஷட்டகர் என்பார்கள். ஸ்பானிஷில்கூட கொன்குன்யாதோ என்று ஒரு சொல் உண்டு. அந்தப் பீகார்க்காரரின் மொழியிலும் இருக்கிறது: சாடூ.

காட்டேரித் தம்பி, குழப்பம் வந்ததே ஆங்கிலம் வழியாகப் போனதால்தான். இந்தியில் மனைவியின் சகோதரன் சாலா, அக்காள் கணவர் ஜீஜா, மனைவியின் சகோதரி கணவர் சாடூ. அத்தனையும் பிரதர்-இன்-லாவுக்குள் அடங்கும். நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டதும் அவர் உங்கள் அக்காள் வீட்டுக்காரர் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அக்காள் பிள்ளைக்கு நீங்கள் தாய்மாமன், மடி உங்களுடையதுதானே! அவர் கேட்டது நியாயமான கேள்வி.

காட்டேரிக்காரன்:
அதேதான் அம்மா. எனக்கு அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை. என் மனைவியின் தங்கை மகனுக்குத்தான் விசேஷம். மடியில் வைக்கப்போவது என் மச்சினன். சாடூ என்று ஒற்றை வார்த்தை போட்டால் முடிந்ததா?

அரவேணு அம்மா:
ஆள் யார் என்பது முடிந்துவிடும். ஏன் உங்கள் மடி இல்லை என்பது முடியாது. அதையும் கேட்டாரே, அதனால் சொல்கிறேன்.

உங்கள் சகலையும் மச்சினனும் உங்களுக்குக் கல்யாணத்தால் வந்த ஆட்கள். ஆனால் நம் முறையில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். மச்சினன் பெண் கொடுத்த வீட்டு ஆள். உங்கள் பிள்ளைகளுக்கு அவர் மாமா, அவர் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளுக்கு முறை. சகலை உங்களைப் போலவே அந்த வீட்டில் பெண் எடுத்தவர். அவர் உங்கள் அண்ணன் தம்பி வரிசையில் வந்து நிற்கிறார். உங்கள் மனைவி மூத்தவர் என்பதால் அவர் பையன் உங்களைப் பெரியப்பா என்பான். அப்பாவின் அண்ணனைக் கூப்பிடும் அதே சொல். உங்கள் பிள்ளைகளும் அவனும் அண்ணன் தம்பி, அண்ணன் தங்கை. அங்கே கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது.

பெரியப்பா மடியில் காது குத்துகிற வழக்கம் நம் பக்கம் இல்லை. மாமன் மடிதான். பிரதர்-இன்-லா என்று எழுதியபோது அழிந்துபோனது இந்தக் கோடுதான். கலா சொல்வதுபோல ‘சொந்தக்காரர்’ என்றாலும் அழியும், ஆனால் லீவு கேட்க அது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கூடலூர் கலா:
நான் சொன்னதும் அதுதானே அம்மா. ஷிஃப்ட் மாற்றுகிறவருக்கு இவ்வளவும் வேண்டாம்.

எல்லநள்ளி பாலா:
வேண்டும் கலா. அவர் மடி பற்றிக் கேட்டிருக்கிறார். இங்கே நடக்கும் காதுகுத்துகளைப் பார்த்து விவரம் தெரிந்துதான் கேட்கிறார். கேட்டவருக்கு “சும்மா சொந்தம்” என்று சொல்வது அவரை ஒதுக்கி வைப்பதுபோல. சாடூ எனக்குத் தெரியாது, சரி. ஆனால் சொல் இருந்தாலும், அண்ணன் தம்பி வரிசை, முறை என்று பிரிக்கும் இந்தக் கணக்கு தமிழில் மட்டும்தான் இருக்கும், இல்லையா?

அரவேணு அம்மா:
தெலுங்கு, கன்னடத்திலும் இதே கணக்குதான். 1871-இல் மார்கன் என்ற அமெரிக்கர் உறவுப் பெயர்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் வட அமெரிக்காவின் இரோக்வா மக்களின் உறவுப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களோடு ஒத்துப்போவதைக் காட்டினார். சித்தப்பா பிள்ளை உடன்பிறப்பு, அத்தை பிள்ளை வேறு என்று அவர்களும் பிரிக்கிறார்கள். இந்தியில் அப்படி இல்லை. மாமா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும்கூட அங்கே பாயி, பெஹன்தான். அதனால் சாடூ என்றால் அந்த நண்பருக்கு இடம் தெரியும், ‘முறை’ தெரியாது. அந்த ஒரு வரியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

வெலிங்டன் மூர்த்தி:
என் கதையே வேறு. என் சகலை எனக்குச் சொந்த அத்தை மகன். பெண் வீடு இரண்டு பேருக்கும் அந்நியம். சின்ன வயதிலிருந்தே நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன். என் பிள்ளைகள் மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அப்படியென்றால் அவர் பிள்ளைகள் முறையா, அண்ணன் தங்கையா?

அரவேணு அம்மா:
அம்மாக்கள் கூடப்பிறந்தவர்கள். அந்த வழிதான் கிட்டம், அதனால் அண்ணன் தங்கை. நீங்கள் அவரை மச்சான் என்பது இருக்கட்டும், பிள்ளைகள் சித்தப்பா அல்லது பெரியப்பா என்பதே ஒழுங்கு. அண்ணனும் தம்பியும் அக்காள் தங்கையைக் கட்டினால் இந்தச் சிக்கல் வராது. அங்கே யாரும் சகலை என்றே சொல்ல மாட்டார்கள், இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

வெலிங்டன் மூர்த்தி:
கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாமா என்பதை மாற்ற மாட்டோம் அம்மா. எங்கள் அப்பா வழியில் அவர் பழைய சொந்தம், கல்யாணத்தால் வந்த சொந்தம் அதற்குப் பிறகுதான்.

அரவேணு அம்மா:
எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் வளர்ந்தபின் மற்றவர்கள் குழம்புவார்கள்.

காட்டேரிக்காரன்:
நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள்:
“அண்ணா, ஞாயிறு பண்ணாரியில் காதுகுத்து. பையனின் அப்பா எனக்கு சகலை, உங்க ஊர்ல சாடூ. நானும் அவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவங்க. பையனுக்கு நான் பெரியப்பா. மடியில் வைக்கிறது என் மனைவியோட தம்பி, அவர்தான் தாய்மாமன். மேட்டுப்பாளையம் இறங்கி சத்தி வழியா போகணும், ராத்திரிதான் திரும்புவேன். ஷிஃப்ட் மாத்திக்கலாமா?”

கூடலூர் கலா:
கடைசி இரண்டு வாக்கியம் முதலில் வரட்டும். மீதி இருக்கலாம்.

அரவேணு அம்மா:
நன்றாக இருக்கிறது. ‘மனைவியோட தம்பி’ என்று எழுதியது நல்லது, அதை சாலா என்று மாற்றிவிடாதீர்கள். உறவுப் பெயர்தான், ஆனால் இந்தியில் அது வசவாகவும் புழங்குகிறது.

எல்லநள்ளி பாலா:
அப்படியே ஓரகத்திக்கும் சொல்லிவிடுங்கள் அம்மா. என் மனைவியின் தோழி ராஞ்சிக்காரி.

அரவேணு அம்மா:
அதற்கு ஒரே சொல்லாகக் கொடுக்க முடியாது. கணவனின் அண்ணன் மனைவி ஜேட்டானி, தம்பி மனைவி தேவரானி. உங்களுக்கு இருப்பது அண்ணனா, தம்பியா?