கலைச்சொல் வேண்டும்: காசு போவதற்கு முந்திய அந்தப் படிக்கு

எழுதியவர்: தர்ஷினி, யாழ்ப்பாணம்

எல்லாருக்கும் வணக்கம்.

காசு அனுப்பும் செயலி ஒன்றுக்கு பிராண்ட் வடிவமைப்புச் செய்துகொண்டிருக்கிறோம். இலச்சினை, நிறம், ஒலி, செயலி ஆட்களோடு கதைக்கிற விதம் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே ஒரு கையேடு எழுதுகிறேன். பாவிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் இப்போதுதான் முதல்முறை ஸ்மார்ட் போன் கையில் எடுத்தவர்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனோ மகளோ வாங்கி அனுப்பிய போன், அதில் வட்ஸ்அப் கோல் நன்றாக எடுப்பார்கள், பேரப்பிள்ளையின் படம் பார்ப்பார்கள், காசு என்றவுடன் மட்டும் "எனக்கு வேண்டாம் பிள்ளை, நான் ஏதும் பிழையா அமத்திப்போடுவன்" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

மாதிரித் திரைகளை வைத்துப் பார்த்தபோது நடந்த ஒன்றைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு அம்மா கடைக்காரருக்கு 4,500 ரூபா அனுப்புகிறார். தொகையை எழுதிவிட்டார், அடுத்த திரை வந்தது. யாருக்கு, எவ்வளவு, கீழே பச்சையில் "உறுதிப்படுத்து" பொத்தான், மேலே எங்கள் இலச்சினை. அந்த இலச்சினையும் பச்சை, அதன் நடுவில் ஒரு சரி அடையாளம். அம்மா பார்த்தார், "போட்டுது" என்று சொல்லிப் போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். காசு போகவேயில்லை. அவர் எந்தப் பிழையும் விடவில்லை, பச்சையும் சரியும் தெரிந்தால் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் பிராண்ட்தான் முடியாத வேலையை முடிந்தது என்று சொல்லியிருக்கிறது.

இன்னொருவர் இதே திரையில் பயந்துபோய் நின்றார். திரும்பிப் போக "ரத்துசெய்" என்ற பொத்தான் இருந்தது, அதை அமத்தினால் வங்கிக் கணக்கே ரத்தாகிவிடுமோ என்று நினைத்து போனையே நிறுத்திவிட்டார்.

ஆக, விவரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது, காசு இன்னும் போகவில்லை, திரும்பிப் போனால் ஒரு சேதமும் இல்லை என்கிற அந்த இடத்துக்கு கையேட்டில் தனி அத்தியாயம் தேவை. அந்த இடத்துக்குப் பெயர்தான் கேட்கிறேன். ஆப்பிளின் பழைய இடைமுக வழிகாட்டிகளில் இந்தக் குணத்தை ஃபொர்கிவ்னஸ் என்று ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள். அதை மன்னிப்பு என்று எழுத எனக்கு மனமில்லை, மன்னிக்க அங்கே குற்றம் எதுவும் நடக்கவில்லை.

---

எழுதியவர்: இளங்கோ, சென்னை

"சரிபார்ப்புத் திரை" என்று வைத்தால் போதுமே? எல்லோருக்கும் புரியும்.

அப்புறம் பிராண்ட் விஷயத்தில் ஒன்று. கூகுள் 2017இல் இந்தியாவில் இந்த வேலைக்கு வெளியிட்ட செயலியின் பெயர் தேஸ், இந்தியில் வேகம் என்று பொருள். அடுத்த வருடமே கூகுள் பே என்று மாற்றிவிட்டார்கள். வேகம் என்ற பெயர் புதுப் பயனர்களைப் பயமுறுத்தியதால்தான் மாற்றினார்கள். அதனால் உங்கள் கையேட்டில் வேகம், உடனடி, நொடியில் போன்ற சொற்களை எங்கேயும் வைக்காதீர்கள்.

---

எழுதியவர்: குகன், கொழும்பு

இளங்கோ, பெயர் மாறியதற்குக் காரணம் அது இல்லை. கூகுள் தன்னுடைய பணச் சேவைகளை எல்லாம் ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவந்தது, அதோடு தேஸும் போனது. ஆனால் நீங்கள் சொன்ன அறிவுரை சரி. வேகத்தைச் சொல்லி விற்கிற பிராண்ட், தயங்குகிறவரைப் பார்த்து "ஏன் மெதுவாக நிற்கிறாய்" என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

தர்ஷினி, வங்கி மென்பொருள் சோதனையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெயரில் "மீள்" என்ற சொல் வரவே கூடாது. மீள்வழி, மீள்படி, மீட்பு எதுவும் வேண்டாம். இலங்கையில் இப்போது வங்கிக்கு வங்கி உடனடியாகக் காசு போகிற வழி இருக்கிறது, போனால் அடுத்த கணமே மற்றவரின் கணக்கில் நிற்கும், செயலியால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. மீள் என்று எழுதினால் அனுப்பிய காசையும் மீட்கலாம் என்றுதான் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். பயந்த ஆளுக்குத் தைரியம் சொல்லலாம், இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லக் கூடாது.

இலச்சினையிலிருந்து சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள், அதைப் பேசித் தீர்க்க ஒன்றும் இல்லை. நிறத்திலும் பிராண்டின் நிறம் வேறு, "காசு போய்ச் சேர்ந்தது" என்கிற நிறம் வேறாக இருக்க வேண்டும். பச்சையை, போய்ச் சேர்ந்த காசுக்கு மட்டும் விட்டுவிட்டு பிராண்டுக்கு நீலமோ ஊதாவோ எடுங்கள். ஒலியும் அப்படித்தான். செயலி திறக்கும்போது ஒரு மணி, காசு போனபின் அதே சாயலில் இன்னொரு மணி என்று வைத்தால் காதால் நம்புகிறவர்களுக்குக் குழப்பம். ஒலி ஒரே ஒரு இடத்தில், காசு சேர்ந்தபின் மட்டும் வரட்டும்.

---

எழுதியவர்: சிவநேசன், சாவகச்சேரி

பிள்ளைகள், நல்ல விஷயம் கதைக்கிறீர்கள். எனக்கும் இப்படித்தான். போன மாதம் மகளின் கணக்குக்கு அனுப்பப்போய் எண்ணில் ஒரு இலக்கம் மாறி வேறு யாருக்கோ போய்விட்டது. பெயர் நான் சரியாகத்தான் அடித்தேன். இதைத் திரும்ப எடுக்க இந்தச் செயலியில் எந்த இடத்தில் அமத்த வேண்டும்? அந்தப் பொத்தானுக்குத்தான் பெயர் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

---

எழுதியவர்: குகன், கொழும்பு

ஐயா, அப்படி ஒரு பொத்தான் இல்லை, இங்கே தேடுவது காசு போவதற்கு முந்திய படிக்கான பெயர். உங்கள் விஷயத்துக்கு, காசு அனுப்பிய உங்கள் வங்கிக்கே உடனே சொல்லுங்கள், திகதி, தொகை, பரிமாற்ற இலக்கம் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் மற்ற வங்கியைத் தொடர்புகொள்வார்கள். வழமையாக, காசு கிடைத்தவர் சம்மதிக்காமல் வங்கி தன்பாட்டில் எடுத்துத் தராது, அதனால் நாள் கடத்த வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் எங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பெயரை நீங்களே அடித்தீர்கள். பெயர் சரியாக இருந்தும், காசு போனது கணக்கு எண்ணைப் பார்த்து. தர்ஷினி, உங்கள் திரையில் வருகிற பெயர் பயனர் அடித்ததா, மற்ற வங்கி திருப்பிச் சொன்னதா? கென்யாவில் எம்-பெசா என்ற கைபேசிக் காசுச் சேவை, பெறுபவரின் பதிவுப் பெயரைத் தானே எடுத்துக் காட்டி, நிறுத்த அவகாசமும் கொடுக்கிறது. இந்தியாவில் யுபிஐ செயலிகளும் வங்கியில் பதிவான பெயரைக் காட்டும். பயனர் அடித்த பெயரையே அவருக்குப் பெரிதாகத் திருப்பிக் காட்டினால், யாரும் சரிபார்க்காத ஒன்றைச் சரிபார்த்த மாதிரி ஆகிவிடும்.

---

எழுதியவர்: தர்ஷினி, யாழ்ப்பாணம்

சிவநேசன் ஐயா, உங்கள் காசு கிடைக்க வேண்டும். என்ன நடந்தது என்று பிறகு எழுதுங்கோ.

குகன் அண்ணா, "மீள்" வேண்டாம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். QR ஸ்கேன் செய்தால் பதிவான பெயர் வரும், கணக்கு எண் அடித்தால் இப்போதைக்கு வராது. இரண்டையும் ஒரே எழுத்தில் காட்டியிருந்தோம், அதை மாற்றுகிறோம். வங்கி சொன்ன பெயர் பெரிய எழுத்தில் வரும். பயனர் அடித்தது என்றால் கணக்கு எண்தான் பெரிதாக, நாலு நாலு இலக்கமாகப் பிரித்து வரும், பக்கத்தில் "நீங்கள் எழுதிய பெயர்" என்று சின்னதாக இருக்கும். QR பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு, கடைப் பலகையில் ஒரு பெயர், பதிவில் முதலாளியின் பெயர் ஆங்கிலத்தில் முதலெழுத்தோடு. அம்மாமார் அதைப் பார்த்து "இது ஆர்?" என்று நின்றுவிடுகிறார்கள். அவர்கள் நிற்பது நல்லதுதான், கேட்டு அறிந்துகொள்ளட்டும்.

இளங்கோ, "சரிபார்ப்பு" என்றால் சரிபார்க்கிற பொறுப்பு முழுக்க பயனரின் தலையில் விழுகிறது. எங்கள் ஊரில் பிழை என்பதே பாரமான சொல், மென்பொருளில் "பிழை" என்று செய்தி வந்தால் "நான் என்ன பிழை விட்டனான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் எங்கள் கையேட்டில் பிழை, தவறு, தோல்வி மூன்றும் பயனர் பார்க்கிற திரையில் வராது என்று எழுதிவிட்டேன். "பரிவர்த்தனை தோல்வி" என்ற இடத்தில் "காசு போகவில்லை. உங்கள் கணக்கிலேயே இருக்கிறது." அது உண்மை என்று வங்கி சொன்னபின்தான் அந்த வரி வரும்.

நான் யோசிக்கிற சொல் "ஆறுதற்படி". யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு அவசரம் வேண்டாம் என்று சொல்ல "ஆறுதலாச் செய்யுங்கோ" என்போம். அந்தத் திரையில் செய்ய வேண்டியது அதுதான், நேரம் எடுத்துப் பார்ப்பது.

---

எழுதியவர்: இளங்கோ, சென்னை

எங்கள் பக்கம் ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது, இல்லையென்றால் ஆறுதல் பரிசு. காசு அனுப்பும் இடத்தில் ஆறுதல் என்று பார்த்தால் ஏதோ இழந்துவிட்டோம் என்று நினைப்பு வரும். "நிதானப்படி" என்று வைக்கலாமா? அது இரண்டு கரையிலும் ஒரே பொருள்தான்.

---

எழுதியவர்: சிவநேசன், சாவகச்சேரி

தம்பி, நிதானம் என்பதை நாங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது பாவிப்போம். நிதானமாக இரு என்றால் இவ்வளவு நேரம் அவன் நிதானம் இல்லாமல் இருந்தான் என்றாகிறது. ஆறுதலா என்று சொன்னால் பக்கத்தில் ஆள் இருந்து சொல்கிற மாதிரி இருக்கும். வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

---

எழுதியவர்: குகன், கொழும்பு

கையேட்டை வாசிக்கப்போவது வடிவமைப்பாளரும் நிரல் எழுதுகிறவரும், பாவிக்கிறவர் அந்தச் சொல்லைத் திரையில் காணப்போவதில்லை. அதனால் ஆறுதற்படி எனக்குச் சம்மதம். ஆனால் அந்தப் படி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையறுக்க வேண்டும். தொகை எழுதி அடுத்து அமத்தியவுடன் தொடங்கும், இரகசிய எண்ணின் கடைசி இலக்கம் உள்ளே போனவுடன் முடியும். இரகசிய எண் திரையும் ஆறுதற்படிக்குள்தான். அங்கேயும் "இன்னும் காசு போகவில்லை" என்ற வரி நிற்க வேண்டும், திரும்பிப் போகிற பொத்தானும் நிற்க வேண்டும். இந்திய யுபிஐயில் அந்த எண் கேட்கிற திரை செயலியுடையது இல்லை, பொதுவானது, அதனால் நிறமும் எழுத்தும் திடீரென்று மாறிவிடும். உங்களுக்கு அந்தத் திரை உங்கள் கையில் இருந்தால் மாற்றாமல் வைத்திருங்கள்.

---

எழுதியவர்: தர்ஷினி, யாழ்ப்பாணம்

அந்த எல்லையை அப்படியே எழுதுகிறேன். கையேட்டில் ஆறுதற்படி, அடைப்பில் இளங்கோவின் நிதானப்படியும் இருக்கும், தமிழ்நாட்டிலிருந்து யாராவது வேலைக்குச் சேர்ந்தால் உதவும். திரையில் வருவது இவ்வளவுதான்: "இன்னும் காசு போகவில்லை. ஆறுதலாகப் பாருங்கள்." அதன் கீழே தொகை இலக்கத்திலும் எழுத்திலும், "4,500 ரூபா, நாலாயிரத்து ஐந்நூறு". சதத்தையும் சேர்த்து 450000 என்று அடித்துவிட்டவர் எழுத்தில் நாலு லட்சத்தைப் பார்த்தால் நின்றுவிடுவார். பொத்தான்கள் "4,500 ரூபா அனுப்பு", "வேண்டாம், திரும்பிப் போ". ரத்து என்ற சொல் போய்விட்டது.

---

எழுதியவர்: குகன், கொழும்பு

நல்லது. இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இரகசிய எண் கொடுத்தாகிவிட்டது, நம்முடைய கணக்கில் கழிந்துவிட்டது, மற்றப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. இந்த இடத்தில்தான் ஆட்கள் போகவில்லை என்று நினைத்து இரண்டாம் தரம் அனுப்பி இரட்டிப்பாகக் காசு போகிறது. "நிலுவையில்" என்று போடுகிறார்கள், எங்கள் ஆட்களுக்கு நிலுவை என்றால் கட்ட வேண்டிய கடன். இதற்கு யாரிடம் சொல் இருக்கிறது?